படிக்கட்டுக் கைப்பிடி ஆடுவதற்குக் காரணமான தவறுகள்

மரக் கைப்பிடியைப் பொருத்தி முடித்ததும் பலர் அதைக் கீழ்நோக்கி ஒரு முறை அழுத்திப் பார்த்து, அசையவில்லை என்று திருப்தி அடைந்து விடுகிறார்கள். ஆனால் படியில் கால் தவறுபவர் கைப்பிடியைக் கீழே அழுத்துவதில்லை. உடல் சரியும் திசையில், அதாவது சுவரிலிருந்து விலகியும் படி இறங்கும் பக்கமாகவும், அதை வெடுக்கென்று இழுக்கிறார். கைப்பிடியின் எந்த இடத்திலும் எந்தத் திசையிலும் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ, விசையைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் கேட்பது இதனால்தான். கீழ்நோக்கிய எடையை மட்டும் மனத்தில் வைத்துப் பொருத்தியதே பெரும்பாலான கைப்பிடிகள் தளர்வதற்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். மரப் படிக்கட்டு ஒன்றின் அடியில் 90 மி.மீ. சதுரமான மரத்தூண் நிற்கிறது. கைப்பிடி அதில் தொடங்கி, மூன்று படிகளுக்குத் திறந்த பக்கத்தில் சென்று, பிறகு பூச்சு பூசிய செங்கல் சுவரையொட்டி மேலே ஏறுகிறது. சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரல்கள் தடையின்றி நுழைய 40 மி.மீ. இடைவெளி விடப்பட்டிருக்கிறது. கைப்பிடியின் கனம் 50 மி.மீ. என்றால், அதன் மையம் சுவரிலிருந்து 65 மி.மீ. தள்ளி இருக்கும். சுவரில் உட்காரும் பிராக்கெட் தட்டின் மேல் ஸ்க்ரூ, தட்டின் கீழ் விளிம்பிலிருந்து 50 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 90 கிலோ நேர் கீழாக இறங்கும்போதே அந்த ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 90 × 65 ÷ 50, சுமார் 117 கிலோ. வெளிப்பக்கமாக இழுத்தால் அது இன்னும் கூடும்.

பிராக்கெட்டுடன் உறையில் வரும் குட்டி ஸ்க்ரூக்களையே பயன்படுத்தும் தவறு இங்கேதான் வெளிப்படுகிறது. 35 மி.மீ. நீளமுள்ள ஸ்க்ரூவில் 3 மி.மீ. தட்டுக்கும் 15 மி.மீ. பூச்சுக்கும் போய்விட, செங்கல்லுக்குள் இறங்குவது வெறும் 17 மி.மீ. பூச்சு எதையும் தாங்காது. அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. 6 மி.மீ. தடிமனும் 75 மி.மீ. நீளமும் உள்ள ஸ்க்ரூவை எடுத்து, ஸ்க்ரூ கவ்விக்கொள்வதற்காகத் துளைக்குள் அடிக்கும் பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்காரும்படி துளையிட வேண்டும். டிரில் பிட் பிளக்கின் உறையில் குறித்த விட்டத்தில்தான் இருக்க வேண்டும். துளையிடும்போது வரும் தூளின் நிறம் மாறுவதைக் கவனித்தால் பூச்சு எங்கே முடிகிறது என்று தெரியும். செங்கல் தூள் வந்த பிறகு மீண்டும் சாம்பல் நிறத் தூள் வந்து டிரில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், பிட் இரண்டு செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் இறங்கிவிட்டது என்று பொருள். அந்தத் துளையைக் கைவிட்டு பிராக்கெட்டைச் சற்று நகர்த்துவதே நல்லது. துளையில் தங்கிய தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை அடித்தால், அது பாதியிலேயே நின்றுவிடும்.

சுவர் ஜிப்சம் பலகையாக இருந்தால் எந்தப் பிளக்கையும் நம்ப வேண்டாம். பலகைக்குப் பின்னாலுள்ள மரச்சட்டத்தைத் தேடி அதில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டும். பிராக்கெட் வர வேண்டிய இடத்தில் சட்டம் இல்லையென்றால், சட்டங்களை இணைக்கும்படி ஒரு நீளப் பலகையைச் சுவர்மேல் ஸ்க்ரூவால் இறுக்கி, பிராக்கெட்டுகளை அந்தப் பலகையில் பொருத்தலாம்.

பிராக்கெட்டுகளுக்கு இடையே 90 செ.மீ.க்கு மேல் விடாமலிருப்பதும், கடைசி பிராக்கெட் கைப்பிடியின் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருப்பதும் போதும். நம் எடுத்துக்காட்டில் தூணுக்கும் முதல் பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள மூன்று படிகளின் சாய்வு நீளமே ஏறக்குறைய 90 செ.மீ. என்பதால், சுவர் தொடங்கிய உடனேயே முதல் பிராக்கெட் வந்தாக வேண்டும்.

அடுத்தது கைப்பிடி தூணில் சேரும் இடம். கைப்பிடியின் பக்கவாட்டிலிருந்து இரண்டு ஆணிகளைச் சாய்வாக அடித்து, பசையும் தடவிவிட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. கைப்பிடியின் வெட்டுமுகம் பசையை உறிஞ்சிக்கொள்ளுமே தவிர இறுகப் பிடிக்காது. தூணில் பாலிஷ் ஏற்கெனவே அடித்திருந்தால் அங்கேயும் பசை ஒட்டாது. இந்த இணைப்புக்கென்றே ஒரு பக்கம் ஸ்க்ரூ மரையும் மறுபக்கம் நட் மரையும் கொண்ட போல்ட் இருக்கிறது. ஸ்க்ரூ முனை தூணின் பக்கவாட்டில் இறங்க வேண்டும், ஏனெனில் நாருக்குக் குறுக்கே இறங்கும் மரைதான் நன்றாகக் கவ்வும். நட் முனை கைப்பிடியின் வெட்டுமுகத்திலுள்ள துளைக்குள் நுழையும். கைப்பிடியின் அடிப்பக்கத்திலிருந்து 25 மி.மீ. குழி ஒன்றைக் குடைந்து, அதன் வழியாக வாஷரையும் நட்டையும் போட்டு இறுக்கினால், கைப்பிடி தூணோடு அழுந்தி உட்காரும். இணைப்பு படிக்கட்டின் சாய்வில் அமைவதால், கைப்பிடியின் முனையைச் சரியான கோணத்தில் அறுத்த பிறகே துளையிட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு தூணின் அடியில்தான் நடக்கிறது. 90 செ.மீ. உயரத்தில் 90 கிலோ விசை பக்கவாட்டில் இழுக்கும்போது அந்தத் தூண் ஒரு கடப்பாரையைப் போல வேலை செய்கிறது. தூணைத் தரைமேல் நிறுத்தி, நான்கு பக்கமும் எல் வடிவத் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டால், தாங்கும் ஸ்க்ரூவுக்கும் தூண் சாயும் விளிம்புக்கும் இடையிலான தூரம் 100 மி.மீ.தான் தேறும். 90 × 900 ÷ 100 என்று கணக்கிட்டால், இழுபடும் பக்கத்து ஸ்க்ரூக்கள் 810 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கும். முதல் நாள் இறுக்கமாக நிற்கும் தூண், தினசரிப் பிடிப்பிலேயே சில மாதங்களில் ஆடத் தொடங்குவது இதனால்தான். இன்னும் பெரிய தகடு, இன்னும் நான்கு ஸ்க்ரூ என்று சேர்ப்பதால் பெரிய பயன் இல்லை. மாற வேண்டியது அந்தத் தூரம்.

எனவே தூண் தரைக்குக் கீழேயும் இறங்க வேண்டும். மரத் தளத்தில் தூணை 30 செ.மீ. கீழே இறக்கி, தளத்தைத் தாங்கும் உத்தரத்தோடு சேர்த்து, தரையிலிருந்து 50 மி.மீ. கீழே ஒன்றும் 250 மி.மீ. கீழே ஒன்றுமாக இரண்டு 12 மி.மீ. போல்ட்டுகளை ஊடுருவச் செய்து இறுக்கினால், அதே விசைக்கு ஒவ்வொரு போல்ட்டிலும் வருவது சுமார் 520 கிலோ அல்லது அதற்கும் குறைவு. முழுத் தடிமனையும் ஊடுருவிய போல்ட்டுக்கு இது எளிது. மரம் நசுங்காமல் இருக்க இருபுறமும் அகலமான வாஷர் போட வேண்டும். போல்ட் இறங்கும் உத்தரமே முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, அதற்கும் பக்கத்து உத்தரத்துக்கும் நடுவே ஒரு குறுக்குக் கட்டை அடிப்பதை மறக்கக் கூடாது.

சோதிக்கும்போது கைப்பிடியின் நடுவை விட்டுவிட்டு, தூணின் உச்சியைத் தோளால் தள்ளுங்கள். உதவிக்கு நிற்பவர் தூண் தரையைச் சந்திக்கும் கோட்டைப் பார்க்கட்டும். அங்கே தாள் நுழையும் அளவுக்கு வாய் திறந்தாலே பிடிப்பு போதவில்லை. சுவர்ப் பக்கத்தில், பிராக்கெட் தட்டைச் சுற்றி மயிரிழை விரிசலோ, அதற்கு நேர் கீழுள்ள படியில் மெல்லிய வெள்ளைத் தூளோ தென்பட்டால், பிளக் துளைக்குள் நகர்கிறது என்று பொருள். ஸ்க்ரூவை மேலும் முறுக்குவதால் இது சரியாகாது. பிராக்கெட்டைக் கழற்றி, வேறு இடத்தில் புதிதாகத் துளையிட்டே பொருத்த வேண்டும்.

மரம் ஈரத்துக்கு ஏற்பச் சுருங்கி விரிவதால், நட்டுகள் முதல் வறண்ட பருவத்தில் ஓரளவு தளரும். ஆகவே கைப்பிடியின் அடியிலுள்ள குழிக்கு மர மூடி செருகும்போது பசை போடாதீர்கள். அந்தப் பருவம் முடிந்ததும் மூடியைக் கழற்றி, நட்டை மறுபடி இறுக்கிய பிறகு, அதை ஒட்டிக்கொள்ளலாம்.