பத்தாண்டு இடைவெளிக்குப் பின் கணக்கு வேலைக்குத் திரும்புதல்: GSTR-2B சரிபார்ப்பிலிருந்து தொடங்கலாம்

மாமனார் பக்கவாதத்தில் படுத்த பிறகு நான் கணக்கர் வேலையை விட்டேன். திரும்பியபோது ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் வேலை பார்த்தது வாட் காலம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது வீட்டில் மருந்து அட்டவணை எழுதிக்கொண்டிருந்தேன். என்னைப் போல பி.காம். படித்து, கொஞ்ச காலம் கணக்கு எழுதி, பிறகு வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்வதற்காக நின்றுபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெபிட், கிரெடிட், லெட்ஜர் எல்லாம் உங்களுக்கு மறந்திருக்காது; அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. முதலில் தேதிகளைப் பாருங்கள்

மாமனார் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். ஆகவே எந்த வேலை பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன், எந்த வேலையின் நெருக்கடி நாட்கள் முன்கூட்டியே தெரியும் என்று பார்த்தேன். கணக்கு வேலையில் அது தெரியும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரமான GSTR-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைத் திரட்டிக் காட்டும் GSTR-2B, 14ஆம் தேதி உருவாகும். வரி கட்டும் GSTR-3B-க்கு 20ஆம் தேதி கெடு. அதாவது 14 முதல் 20 வரை ஆடிட்டர் ஆபீஸில் யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது.

நாத்தனாரிடம் பேசி, அந்த ஒரு வாரம் மட்டும் பகலில் அவர் வந்து இருப்பதாக ஏற்பாடு செய்துகொண்டோம். மற்ற நாட்களில் காலை பத்து முதல் மதியம் இரண்டு வரைதான் வேலை. இந்த ஏற்பாடு உங்கள் வீட்டில் முடியாது என்றால் இந்தப் பாதை வேண்டாம். மாதத்தின் மற்ற நாட்களில் எவ்வளவு உழைத்தாலும் அந்த வாரத்து விடுப்பை எந்த ஆடிட்டரும் பொறுக்க மாட்டார். வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருங்கும் ஜூலையும், தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பரும் இதே கதைதான்.

2. முழு ஜிஎஸ்டியையும் படிக்கப் போகாதீர்கள்

பயிற்சி மையங்கள் சட்டம் முழுவதையும் மாதக்கணக்கில் நடத்துகின்றன. திரும்பி வருபவருக்கு அது முதல் தேவை அல்ல என்பது என் கருத்து. சிறிய ஆடிட்டர் ஆபீஸில் எப்போதும் ஆள் பற்றாக்குறையாக இருக்கும் வேலை ஒன்றுதான்: கடைக்காரரின் கொள்முதல் பதிவேட்டை GSTR-2B-யோடு ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடிப்பது. பொறுமையும் பழைய கணக்கு அறிவும் இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஏன் இது முக்கியம்? வாட் காலத்தில் கையில் பில் இருந்தால் வரவு எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரியிலிருந்து, சப்ளையர் தன் பக்கத்தில் தாக்கல் செய்து அந்தப் பில் 2B-யில் தெரிந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை வரி 45,000 ரூபாய். கொள்முதல் பதிவேட்டின்படி உள்ளீட்டு வரி 36,000. அப்படியானால் கட்ட வேண்டியது 9,000 என்று முதலாளி நினைப்பார். ஆனால் 2B-யில் இருப்பது 30,600 தான். ஆகவே அவர் 14,400 கட்ட வேண்டும். இடையில் நிற்கும் 5,400 ரூபாய், ஒரே பில்லின் வரி: 30,000 ரூபாய்க்கு 18 சதவீதம். அந்தப் பில் எது, ஏன் வரவில்லை, அடுத்த மாதம் வருமா என்று சொல்பவர்தான் அந்த ஆபீஸுக்குத் தேவை.

3. பயிற்சிக்கு உண்மையான கணக்கு: என்னை நிறுத்திய இடம்

இங்கேதான் நான் நீண்ட நாள் நின்றேன். பதிவு செய்த வணிகருக்குத்தான் ஜிஎஸ்டி தளத்தில் கணக்கு உண்டு, நமக்குக் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரித் தாள்களில் எல்லாம் ஒழுங்காகப் பொருந்திவிடும், ஆகவே எதுவும் கற்க முடியாது. கடைசியில் கொழுந்தனாரின் ஹார்டுவேர் கடைக் கணக்கைக் கேட்டு வாங்கினேன். அவர் லாகின் விவரம் தர வேண்டாம். 2B-யை எக்செல் கோப்பாக அவரே இறக்கி அனுப்பினால் போதும். கடந்த மூன்று மாதக் கோப்புகளைக் கேளுங்கள். ஒரு மாதம் விடுபட்ட பில் அடுத்த மாதம் வந்து நிற்பதை அப்போதுதான் கண்ணால் பார்ப்பீர்கள்.

2B கோப்பின் B2B தாளில் மேல் வரிசைகள் இணைந்த செல்களாக இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு, சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணை A-யிலும் பில் எண்ணை B-யிலும் Sheet2 என்ற புதிய தாளில் ஒட்டுங்கள். கொள்முதல் பதிவேட்டையும் வேறொரு தாளில் அதே போல A, B-யில் அமையுங்கள். பிறகு பதிவேட்டுத் தாளில்:

```
=COUNTIFS(Sheet2!A:A,A2,Sheet2!B:B,B2)
```

விடை 0 என்றால் அந்தப் பில் 2B-யில் இல்லை. பலரும் VLOOKUP-ஐச் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அது பிடிக்காது: பில் எண்ணை மட்டும் தேடினால், இரண்டு சப்ளையர்களுக்கு ஒரே எண் இருக்கும்போது தவறான ஆளைக் காட்டும்.

0 வந்ததெல்லாம் உண்மையில் விடுபட்டவை அல்ல. ஒருவர் SK/45 என்றும் மற்றவர் SK-45 என்றும் அடித்திருப்பார். எண்ணுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும். தொகையையும் தேதியையும் வைத்து இவற்றைக் கையால் பொருத்துங்கள். அதன் பிறகும் மிஞ்சுபவற்றில் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு சப்ளையர்கள் அதிகம் இருப்பார்கள். அவர்கள் இடையில் பில்லை ஏற்றாவிட்டால் காலாண்டு முடிந்த பிறகுதான் தெரியும். சிலர் கடையின் ஜிஎஸ்டி எண்ணையே தவறாகப் போட்டிருப்பார்கள். இவர்களுக்குப் போன் செய்து திருத்தச் சொல்ல வேண்டும்.

டாலி பிரைமே இந்த ஒப்பீட்டைச் செய்துவிடும். இருந்தாலும் முதலில் எக்செல்லில் கையால் செய்யுங்கள். டாலி காட்டும் வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல அப்போதுதான் வரும்.

4. விண்ணப்பம்

இடைவெளிக்கு ஒரே வரி: “குடும்பத்தில் நோயுற்றவரைப் பராமரித்தேன்”, ஆண்டுகளோடு. “இல்ல நிர்வாகி” போன்ற அலங்காரப் பதவிகள் வேண்டாம். படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். அதன் கீழே நீங்கள் செய்த ஒப்பீட்டின் ஒரு பக்க அறிக்கையை இணையுங்கள்: பில், தொகை, விடுபட்ட காரணம், அடுத்த நடவடிக்கை. கடைக்காரரிடம் அனுமதி பெற்று, பெயர்களையும் ஜிஎஸ்டி எண்களையும் அழித்துவிடுங்கள். ஆபீஸுக்கு நேரில் போவதென்றால் 21ஆம் தேதிக்குப் பிறகு போங்கள். 18ஆம் தேதி போனால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

பின்சேர்க்கை: டாலி பிரைமை இலவசமாக இறக்கிய ஒரு வாசகி, 15ஆம் தேதி பில்லைப் பதிய முடியவில்லை என்று எழுதியிருந்தார். கணினியில் பழுதில்லை. இலவசமாகக் கிடைக்கும் கல்விப் பயன்முறையில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளை மட்டுமே அது ஏற்கும். பயிற்சிக்கு எல்லாப் பில்களையும் 1ஆம் தேதியில் போடுங்கள். உண்மைத் தேதியை விவரக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 2024 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி தளத்தில் IMS என்ற பகுதி இருக்கிறது. வரும் பில்லை ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்திவைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும். புதிதாகச் சேர்ந்தவரிடம் இந்த வேலையைத் தந்தால், எந்தப் பில்லை மறுக்கிறோம் என்று கடைக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும்.