கடை மூடும் நன்றி அறிவிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் டிடிபி வேலை பார்ப்பவனிடம் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரி இருக்கும். கடையை மூடுகிறோம் என்று சொல்லும் அறிவிப்புக்கு மட்டும் என்னிடமும் மாதிரி கிடையாது, வருகிறவர்களிடமும் கிடையாது. அதனால் கண்ணில் பட்ட வேறு எதையாவது பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். சிலது வங்கி ஏல நோட்டீஸ் மாதிரி இருக்கும். சிலது அசல் இரங்கல் போஸ்டர்.

இரங்கல் போஸ்டர் என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. நம் ஏரியாவில் ஒருவர் படத்தைப் பெரிதாகப் போட்டு, சுற்றிலும் கறுப்பு பார்டர் கட்டி, கீழே ‘கண்ணீருடன்’ என்று அடித்தால், நடந்து போகிறவர் அடுத்த வரியைப் படிக்க மாட்டார். பூ விற்கிற அம்மாவிடம் “எப்ப எடுக்கிறாங்க?” என்று கேட்டுவிடுவார். கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து பேனா எண்ணிக்கொண்டிருப்பார். அதனால் ஓனர் படம் வேண்டாம், கறுப்பு பார்டர் வேண்டாம், ஃப்ளெக்ஸும் வேண்டாம். மேலே ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும்.

தொண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரி கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் எழுதிவந்ததை அப்படியே தருகிறேன். வழக்கமாக நடக்கிற தவறுகள் அத்தனையும் இதில் இருக்கின்றன:

“அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, தவிர்க்க முடியாத காரணங்களால் எங்கள் கடை விரைவில் மூடப்பட உள்ளது என்பதை மிகுந்த வேதனையுடனும் கண்ணீருடனும் தெரிவித்துக்கொள்கிறோம். ஆன்லைன் வியாபாரமும், பள்ளிகளே நோட்டு விற்பதும், வாடகை உயர்வும் சிறு வியாபாரிகளை வாழ விடவில்லை. இதுவரை ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி. பாக்கி உள்ளவர்கள் உடனே செலுத்தவும். அனைத்துப் பொருட்களும் 50% தள்ளுபடி.”

முதலில் ‘விரைவில்’. படிக்கிறவருக்கு வேண்டியது தேதி. லேமினேஷனுக்குக் கொடுத்த சான்றிதழை என்றைக்குள் வாங்க வேண்டும், பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டு இங்கேயே கிடைக்குமா என்பதுதான் அவர் கவலை. ‘விரைவில்’ என்று போட்டால் பாதிப் பேர் கடை ஏற்கெனவே மூடிவிட்டது என்று நினைத்து வேறு கடைக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் இன்னும் ஒரு வருடம் இருக்கும் என்று நினைப்பார்கள். தேதி, கிழமை, கடைசி நாள் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற மூன்றும் வேண்டும்.

ஸ்டேஷனரி கடைக்குத் தேதியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இந்த வியாபாரமே பள்ளிக்கூட வருடத்தோடு ஓடுவது. ஜனவரி, பிப்ரவரியில் ரெக்கார்டு நோட்டும் கிராஃப் ஷீட்டும், மார்ச், ஏப்ரலில் பரீட்சை அட்டையும் பேனாவும், ஜூனில் நோட்டுக் கட்டு, பிரவுன் பேப்பர், லேபிள். ஜூனுக்கான சரக்கை அதற்கு முன்பே ஆண்டர்சன் தெரு போன்ற மொத்த வியாபார இடங்களில் சொல்லி வைக்க வேண்டும். எனவே பரீட்சையெல்லாம் முடியும் ஏப்ரல் கடைசியில் மூடுவது யாருக்கும் இடைஞ்சல் இல்லாதது. அறிவிப்பை மார்ச் முதல் வாரத்தில் ஒட்டினால் பெற்றோரும் டீச்சர்களும் ஜூனுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள். மே மாதக் கடைசியில் ஒட்டினால் அது நம்பி இருந்தவர்களைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும். அதன்பின் எவ்வளவு அழகாக நன்றி சொன்னாலும் எடுபடாது.

அடுத்தது காரணம். ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று மூடி மறைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே பெரியவர் மூன்று காரணங்களை அடுக்கியிருந்தார். இரண்டுமே வேண்டாம். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் கடன் தொல்லையாம், பிள்ளைகளுக்குள் தகராறாம் என்று தெரு தானே ஒரு கதை கட்டிவிடும். நிறையச் சொன்னால் புகார்க் கடிதமாகிவிடும். அவர் சொன்ன மூன்றும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளைப் படிக்கப்போவது ஆன்லைன் கம்பெனிக்காரர் இல்லை. கடைசிவரை அவரிடமே வாங்கியவர்கள். ஆன்லைனிலும் கொஞ்சம் வாங்கியிருப்பார்கள், அது அவர்களுக்கு உறுத்தும். எதிரே இருக்கும் பள்ளியின் டீச்சர்கள் தினமும் அதைக் கடந்துதான் போவார்கள். கட்டட ஓனரிடமிருந்து அட்வான்ஸ் பணம் இன்னும் திரும்பி வந்திருக்காது.

உண்மையான காரணங்களில் யாரையும் சுட்டாத ஒன்றை ஒரே வரியில் சொன்னால் போதும். “நின்று வியாபாரம் பார்க்க முழங்கால் இடம் தரவில்லை” என்பது அவர் விஷயத்தில் நிஜமாகவே இருந்தது. வயது காரணம் இல்லை என்றால் அதைச் சொல்லக் கூடாது. அக்கம்பக்கத்துக்கு எல்லாம் தெரியும், பொய் இரண்டு நாள் தாங்காது. ‘வாடகை ஒப்பந்தம் முடிகிறது’ என்று சொல்லலாம், அதில் யார் மேலும் பழி இல்லை. ‘மகனுக்கு இந்தத் தொழிலில் விருப்பமில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பையனை வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தி வைத்துப் புத்தி சொல்வார்கள்.

பாக்கி விஷயம்தான் அந்தத் தாளிலேயே மோசமான வரி. நன்றிக்கு அடுத்த வரியில் ‘பாக்கி உள்ளவர்கள் உடனே செலுத்தவும்’ என்று இருந்தால், கவுன்டர் முன்னால் நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பாக்கியே இல்லாதவருக்கும் சங்கடம். கடன் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவரிடமும் தனியாக, முடிந்தால் போனில், “அக்கா, கணக்கு முடிக்கிறேன், உங்களுது இவ்வளவு இருக்கு” என்று கேட்பதுதான் முறை. வராத சில்லறைப் பாக்கியை விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம். அது அவரவர் வசதி.

அறிவிப்பில் கட்டாயம் இருக்க வேண்டியது இதற்கு நேர் எதிரான கணக்கு, அதாவது கடை வாடிக்கையாளருக்குத் திருப்ப வேண்டியது. எழுதுவதற்கு முன் டிராயரைக் கொட்டிப் பாருங்கள். ஜெராக்ஸ் இருக்கும் கடை என்றால் கண்ணாடிக்கு மேல் வைத்து எடுத்துவிட்டு மறந்துபோன ஆதார், ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ் நிச்சயம் அகப்படும். லேமினேஷன் முடிந்தும் வாங்காதவை இருக்கும். ரப்பர் ஸ்டாம்புக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் இருப்பார். பெயர் தெரிந்தவர்களுக்குப் போன் செய்யுங்கள். யாருடைய என்ன சான்றிதழ் என்று அறிவிப்பில் பட்டியல் போடக் கூடாது, அது ஊருக்குத் தேவையில்லாத விவரம். பொதுவாக ஒரு வரி, வாங்கிக்கொள்ளக் கடைசித் தேதி, தவறவிட்டால் எங்கே வரவேண்டும் என்பது போதும். அசல் சான்றிதழ்களைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போவதும் சரியில்லை.

தள்ளுபடி வேண்டுமானால் தனித் தாளில், தனி இடத்தில் இருக்கட்டும். ஒரே தாளில் போட்டால் கண் அந்த ஐம்பதுக்குத்தான் போகும், நன்றி விளம்பரத்துக்கு முன்னுரையாகிவிடும்.

நன்றி சொல்லும் வரி எல்லோருக்கும் வறண்டு போகிறது. ‘ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி’ என்பதை மளிகைக் கடைக்காரரும் போடலாம், பஞ்சர் கடைக்காரரும் போடலாம். அந்தக் கடையில் மட்டும் நடந்தது எது என்று பெரியவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் தண்ணீர் ஏறியதையும், தெருப் பையன்கள் வந்து நோட்டுக் கட்டுகளை மேல் தட்டுக்குத் தூக்கி வைத்ததையும் சொன்னார். இதை ஏன் எழுதவில்லை என்றால், “அதெல்லாம் நோட்டீஸ்ல போடுவாங்களா?” என்றார். கடைசியில் இப்படி முடிந்தது:

“நன்றி. 1991 ஜூன் முதல் இந்தத் தெருவில் நடந்துவரும் நம் கடையை வரும் ஏப்ரல் 30, வியாழக்கிழமை இரவு 8 மணியோடு நிறைவு செய்கிறேன். எனக்கு 68 வயதாகிறது. நின்று வியாபாரம் பார்க்க முழங்கால் இடம் தரவில்லை.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி கிராஃப் ஷீட் கேட்டு ஷட்டரைத் தட்டிய பிள்ளைகள், இன்று உங்கள் பிள்ளைகளோடு வருகிறீர்கள். 2023 டிசம்பர் மழையில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது, கூப்பிடாமலே வந்து நோட்டுக் கட்டுகளை ஏற்றி வைத்த தெருப் பிள்ளைகளை மறக்க மாட்டேன். உங்கள் எல்லோருக்கும் என் குடும்பத்தின் நன்றி.

லேமினேஷனுக்குத் தந்தவை, ஜெராக்ஸ் எடுக்கும்போது விட்டுப்போன அசல்கள், அட்வான்ஸ் தந்த ஆர்டர்கள் ஆகியவற்றை ஏப்ரல் 25-க்குள் வாங்கிக்கொள்ளவும். தவறினால் மே 31 வரை, மாலை 5 முதல் 7 வரை, கடைக்கு மேல் மாடியில் நான் இருப்பேன்.”

இதை ஒட்டுவதற்கு முன்னால் யார் யாருக்கு வாயால் சொல்ல வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் வேலை பார்க்கும் பெண் தன் வேலை போகப்போவதை ஷட்டரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. சரக்கு தரும் மொத்த வியாபாரிக்கும் நேரில் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் ஆள் வழியாகக் கேள்விப்பட்டால் மறுநாள் காலையில் பில்லோடு வந்து நிற்பார், அதுவரை இருந்த நல்ல பெயரும் போய்விடும். நேரில் போனால் விற்காத சரக்கில் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்ளவும் சம்மதிக்கலாம். அப்புறம் கட்டட ஓனர், மாதக் கணக்கு வைத்திருக்கும் பள்ளி ஆபீஸ். இவர்களுக்குச் சொன்ன மறுநாளே ஒட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் செய்தி உங்களுக்கு முன்னால் ஓடிவிடும்.

ஒட்டுவதிலும் ஒரு சின்னத் தொல்லை இருக்கிறது. ஷட்டரில் ஒட்டிய தாள், காலையில் ஷட்டரைச் சுருட்டும்போது உள்ளே போய்க் கசங்கிக் கிழியும். கடை திறந்திருக்கும்போது கண்ணிலும் படாது. ஏ3 அளவில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரிலும் இன்னொன்றைக் கவுன்டரிலும் வையுங்கள். இங்க்ஜெட்டில் எடுத்தால் ஒரு தூறலுக்கே மை ஒழுகிவிடும். லேசர் பிரின்ட் அல்லது ஜெராக்ஸ் தாங்கும். எழுத்து கறுப்பாக இருக்கட்டும், சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறவர்கள் அதையே படமாக அனுப்பலாம். வீட்டு விலாசத்தை அதில் போடாதீர்கள், அது எங்கெங்கோ சுற்றும். கடைசி நாள் ராத்திரி, சுவரில் உள்ள தாளை மே 31 வரை விட்டுவிட்டு, கவுன்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அடுத்து அங்கே டீக்கடை வந்தால், அவர்கள் டீக்காசு உங்கள் கணக்கில் விழும்.