மிஸ்டிக் ரெக்டாங்கிள்: குறிப்பில் கண்டுபிடிப்பது எப்படி, கிராண்ட் ட்ரைனிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது

மேலைத்தேயச் சோதிடத்தில் பேசப்படும் வடிவம் இது. நான்கு கிரகங்கள் செவ்வகமாக நிற்கும். அவற்றுக்கிடையே 180 பாகை எதிர்ப்பார்வை இரண்டு, 120 பாகைத் திரிகோணம் இரண்டு, 60 பாகைப் பார்வை இரண்டு. நம் சாத்திரியார்மார் எழுதித் தரும் குறிப்பில் இந்தப் பெயர் இராது. நம் முறையில் பார்வை இராசிக் கணக்கு. ஏழாம் பார்வை எல்லாக் கிரகத்துக்கும் உண்டு, ஐந்தும் ஒன்பதும் குருவுக்கு மட்டும் உள்ள சிறப்புப் பார்வை. மேலைத்தேய முறையில் எந்தக் கிரகமானாலும் இடையில் உள்ள பாகைதான் கணக்கு. ஆகவே குறிப்பில் கிரகங்களின் பாகை எழுதியிருக்க வேண்டும். வெறும் கட்டத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு நாளை எடுத்துச் செய்து பார்ப்போம். 1989 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணியளவில் கிளிநொச்சியில் ஒரு பிள்ளை பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நம் சாத்திரியார்மார் பயன்படுத்தும் நிராயன முறையில், பாகையைச் சுமாராக முழு எண்ணாக்கினால்:

சந்திரன்: மேடம் 13
குரு: மிதுனம் 16
செவ்வாய்: துலாம் 11
சனி: தனுசு 16

படி 1: எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள்

மேடத்தின் தொடக்கம் 0. அடுத்தடுத்த இராசிக்கு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். இடபம் 30இல் தொடங்கும், மிதுனம் 60இல், துலாம் 180இல், தனுசு 240இல். அப்போது சந்திரன் 13, குரு 76, செவ்வாய் 191, சனி 256.

படி 2: முதலில் எதிர்ச் சோடிகளைத் தேடுங்கள்

பலர் திரிகோணத்திலிருந்து தொடங்குவார்கள், அது சுற்றுவழி. எதிர்ப்பார்வை இரண்டு இல்லாவிட்டால் செவ்வகமே இல்லை, அத்தோடு வேலை முடிந்தது. இங்கே சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் 178, குருவுக்கும் சனிக்கும் 180. இரண்டும் சரி. எதிர்ப்பார்வைக்கும் திரிகோணத்துக்கும் 8 பாகை வரையும், 60 பாகைப் பார்வைக்கு 6 வரையும் நான் விட்டுக்கொடுப்பேன். அதற்கு மேலே போனால் எல்லாக் குறிப்பிலும் ஏதோ ஒரு செவ்வகம் தெரியத் தொடங்கிவிடும்.

படி 3: நான்கு பக்கத்தையும் அளந்து பாருங்கள்

சந்திரனிலிருந்து குரு 63. குருவிலிருந்து செவ்வாய் 115. செவ்வாயிலிருந்து சனி 65. சனியிலிருந்து சுற்றி வந்து சந்திரன் 117. கூட்டிப் பாருங்கள், 360 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ கழித்தல் பிழைத்திருக்கிறது. நான்கு பக்கமும் நம் எல்லைக்குள் இருப்பதால் இது செவ்வகம்தான். குரு–செவ்வாய், செவ்வாய்–சனிப் பக்கங்கள் மட்டும் 5 பாகை விலகி, கொஞ்சம் தளர்வாக இருக்கின்றன.

இன்னொரு சோதனையும் உண்டு. சூரியன் ஒரு மூலையில் நின்றால் புதனோ சுக்கிரனோ இன்னொரு மூலையில் நிற்க முடியாது. பூமியிலிருந்து பார்க்கையில் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது, சுக்கிரன் சுமார் 48க்கு மேல் விலகாது. அப்படி ஒரு செவ்வகம் உங்களுக்கு வந்துவிட்டால் பாகையைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள்.

படி 4: ஒரு மூலையில் நின்று பாருங்கள்

கிராண்ட் ட்ரைனோடு உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும். கிராண்ட் ட்ரைனில் மூன்று கிரகங்கள் ஒன்றுக்கொன்று 120 பாகையில், உதாரணமாக மேடம், சிங்கம், தனுசு என்று, பெரும்பாலும் நெருப்பு, நீர் போன்ற ஒரே பூதத்துக்குரிய இராசிகளில் நிற்கும். எந்த மூலையில் நின்று பார்த்தாலும் இரண்டு திரிகோணம் மட்டுமே. தடுக்கிறவர் இல்லை, எதிர்க்கிறவரும் இல்லை. இதனால்தான் அதை வசதியான வடிவம் என்கிறார்கள். வேலை தானாக நடக்கும், அல்லது நடக்காமலே போகும், ஆளுக்கு அது உறுத்தாது.

செவ்வகத்தில் ஒவ்வொரு கிரகத்துக்கும் மூன்றும் உண்டு: எதிர்ப்பார்வை ஒன்று, திரிகோணம் ஒன்று, 60 பாகை ஒன்று. நம் உதாரணத்தில் செவ்வாய் சந்திரனோடு முட்டுகிறது. அதே நேரத்தில் குருவிடமிருந்து திரிகோணமும் சனியிடமிருந்து 60 பாகைப் பார்வையும் அதற்குக் கிடைக்கின்றன. முட்டல் ஓயாது, ஆனால் வெளியே போக இரண்டு வழி இருக்கிறது.

வயல் வரம்புச் சண்டை ஒன்றை வைத்துப் பார்ப்போம். பக்கத்துக் காணிக்காரர் பெரும்போகத்துக்கு உழும்போது வரம்பை அரை முழம் தள்ளிவிட்டார். இந்தச் செவ்வகக்காரருக்குக் கோபம் உடனே வரும், அது செவ்வாய். ‘இவ்வளவு நாள் பழகிவிட்டு இப்படிச் செய்தாரே’ என்று மனமும் நோகும், அது சந்திரன். இரண்டும் மாறி மாறி இழுக்கும். அப்புறம் காணி உறுதியை எடுத்து அளவைப் பார்ப்பார், நிலஅளவையாளரைக் கூப்பிடுவார், அது சனி. ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுவார், அது குரு. விட்டுக்கொடுப்பதா பிடித்து நிற்பதா என்ற குரு–சனி இழுபறியும் அவருக்குள் நடக்கும். அதை ஆறவைப்பது சந்திரனும் செவ்வாயும். ஒரு சோடியின் சண்டைக்கு மற்றச் சோடி நடுவராக இருப்பதுதான் இந்த வடிவத்தின் வேலை.

கிராண்ட் ட்ரைன்காரர் ‘போனால் போகட்டும்’ என்று இருந்துவிடுவார். அடுத்த போகத்தில் வரம்பு இன்னும் அரை முழம் நகர்ந்திருக்கும்.

படி 5: கோசாரத்தில் வைத்துப் பாருங்கள்

இப்போது வானில் நகரும் சனி மேடம் 13க்கு வருகிறது என்று வையுங்கள். அது சந்திரன்மேல் ஏறும். அதே நாட்களில் செவ்வாய்க்கு எதிரே, குருவுக்கு 63 பாகையில், பிறப்புச் சனிக்கு 117இல் நிற்கும். ஒரு மூலையைத் தொட்டால் நான்கும் எழும்பிவிடும், நெருக்கடியும் உதவியும் சேர்ந்தே வரும். கிராண்ட் ட்ரைனின் ஒரு மூலைக்கு அதே சனி வந்தால் மற்ற இரண்டுக்கும் திரிகோணம் மட்டுமே. எதிர்ப்பு அந்த வடிவத்துக்குள்ளிருந்து வராது.

ஏமாறும் இடங்கள்

இராகுவும் கேதுவும் எல்லாக் குறிப்பிலும் 180 பாகையில்தான் நிற்கின்றன. இலக்கினமும் ஏழாம் பாவ முனையும் அப்படித்தான். இவற்றை ஒரு சோடியாக எடுத்தால் பாதிச் செவ்வகம் இலவசமாகக் கிடைத்துவிடும். இரண்டு சோடியும் கிரகங்களாக இருந்தால்தான் நான் செவ்வகம் என்று எழுதுவேன்.

பூதத்தை வைத்துப் பலன் சொல்லவும் அவசரப்பட வேண்டாம். நம் உதாரணம் நிராயனத்தில் நெருப்பும் காற்றும். மேலைத்தேயர் பயன்படுத்தும் சாயனத்தில் ஏறக்குறைய 24 பாகை கூடும், அப்போது அதே நான்கு கிரகங்களும் நிலமும் நீருமாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கூடுவதால் இடைத்தூரம் மட்டும் மாறாது.

கடைசியாக, வன்னியில் பிறந்தவர்களுக்கான ஒன்று. 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்து, 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே ஓடியது. கணினியில் பிறந்த இடத்தைக் கொடுத்தால் அது கொழும்பு நேரத்தைத்தான் எடுக்கும். ஆகவே அந்தக் காலத்தில் பிறந்தவர்கள் குறிப்பில் எழுதியது பழைய நேரமா புதிய நேரமா என்று வீட்டில் கேளுங்கள். பழைய நேரமென்றால் நேர வலயத்தை +5:30 என்று கையால் மாற்றிக் கொடுங்கள். அரை மணியில் சந்திரன் கால் பாகை அளவுதான் நகரும், மற்றக் கிரகங்கள் அசைந்ததாகவே தெரியாது. செவ்வகம் தப்பிவிடும். இலக்கினமோ ஏழெட்டுப் பாகை தள்ளிப்போகும்.