வாட்டர்ப்ரூஃப் ஷூ வழுக்காது என்று யார் சொன்னது?

போன மாதம் எங்களோடு மலை நடைக்கு வந்த குழுவில் நான்கு பேர் புதியவர்கள். முதல் ஓடையைக் கடக்கும் இடத்தில் மூன்று பேர் தயங்கித் தயங்கிக் கால் வைத்துக்கொண்டிருக்க, ஒரு தம்பி மட்டும் கணுக்கால் வரை மூடிய புத்தம்புது ஷூவோடு, "அண்ணா, என்னுடையது வாட்டர்ப்ரூஃப், எனக்குப் பிரச்சினை இல்லை" என்று சொல்லிக்கொண்டே கருப்பாக மின்னிய ஒரு பாறையில் நேராகக் காலை ஊன்றினான். அடுத்த நொடி தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, மணிக்கட்டில் சிராய்ப்போடு போயிற்று. உட்கார்ந்தபடியே தன் ஷூவை அவன் ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். பல வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் பார்த்தேன்.

சைஸ் சரியாக இருக்க வேண்டும், புது ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக மலைக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நீர் புகாது என்றால் வழுக்காது என்று நினைப்பது

இந்தத் தவறுதான் இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. இதற்குத்தான் அதிகப் பணம் போகிறது, அடியும் அதிகமாகப் படுகிறது.

ஷூவின் மேல்பாகமும் அடிப்பாகமும் இரண்டு தனி வேலைகளைச் செய்பவை. வாட்டர்ப்ரூஃப் என்பது மேல்பாகத்தைப் பற்றிய பேச்சு. துணிக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், அது வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். பாறையில் நிற்பதும் சறுக்குவதும் அடியில் இருக்கும் ரப்பரைப் பொறுத்தது. அந்த ரப்பருக்கு மேலே இருக்கும் துணி வாட்டர்ப்ரூஃபா இல்லையா என்று ஒன்றும் தெரியாது. ஆனால் பெட்டியின் மேல் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் நம் மூளை "ஈரத்துக்கு ஏற்றது" என்று மொத்தமாக முடிவு கட்டிவிடுகிறது.

சரி, தண்ணீரையாவது தடுக்கிறதா? பனி படிந்த புல்லில் நடந்தால், லேசான தூறல் பெய்தால், ஈர மண்ணில் போனால் தடுக்கும். குளிரான இடத்தில் அதுவே பெரிய உதவி. ஓடையில் கதை வேறு. நான் முதன்முதலில் அப்படி ஒரு ஷூ வாங்கிக்கொண்டு போன பாதை இரண்டு நாள், எட்டு இடத்தில் ஓடையைக் கடக்க வேண்டும். முதல் இரண்டில் கல்லுக்குக் கல் தாவிப் போய்விட்டேன், கால் உலர்ந்தே இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மூன்றாவதில் தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓடியது. ஷூவின் வாய் கணுக்காலில்தானே இருக்கிறது? மேல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. இறங்கியது வெளியே போகவில்லை. வெளியிலிருந்து தண்ணீர் வராமல் தடுக்கும் அதே சவ்வு உள்ளே போனதையும் வெளியே விடாது. கால் இரண்டும் இரண்டு வாளிக்குள் இருப்பது போல, ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக். அன்றிரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தும் மறுநாள் காலை ஈரம்தான். வீட்டுக்கு வந்ததும் சந்தேகத்தில் ஒரு ஷூவைத் தண்ணீரில் முக்கி எடுத்து எடை போட்டேன். காய்ந்திருந்தபோது 610 கிராம், நனைந்த பிறகு 840. அந்தக் கூடுதல் எடையை ஒவ்வொரு காலிலும் கட்டிக்கொண்டு ஒன்றரை நாள் நடந்திருக்கிறேன்.

வலைத்துணி ஷூவிலும் தண்ணீர் போகும், முதல் அடியிலேயே போகும். ஆனால் கரையேறிப் பத்திருபது அடி வைத்தால் பெரும்பகுதி பிதுங்கி வெளியே வந்துவிடும். ஈரம் இருக்கும், பாரம் இருக்காது. வாங்குவதற்கு முன் இதைக் கடையில் சோதிக்க முடியாது, ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஷூவில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு நடந்து பாருங்கள். எங்கே வழிகிறது, எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

இப்போது பிடிப்புக்கு வருவோம். காய்ந்த பாறையில் ரப்பர் இரண்டு வகையில் நிற்கிறது. ஒன்று, கல்லின் மேற்பரப்பில் நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டு, கல்லில் இருக்கும் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் மெல்லிய தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் முதலாவது ஏறக்குறைய போய்விடும். மிச்சமிருப்பது இரண்டாவதுதான். அதற்கு ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும். கெட்டி ரப்பர் அந்த மேடுகளின் தலையில் மட்டும் உட்காரும், பள்ளத்துக்குள் இறங்காது. என் பழைய ஷூவில் இருந்தது அந்தக் கெட்டி ரப்பர்தான். நீண்ட காலம் உழைக்கும் என்று விற்பனையாளர் சொன்னார், அவர் பொய் சொல்லவில்லை. ஆறாவது ஓடையில் சரிவான ஒரு ஈரப் பலகைப் பாறையில் நான் விழுந்து கையை முறுக்கிக்கொண்டேன், வாரக்கணக்கில் பையைத் தூக்க முடியவில்லை, ரப்பர் மட்டும் தேயாமல் அப்படியே இருந்தது.

சோலின் ஓரத்தில் துருத்தி நிற்கும் ரப்பர்ப் பல்லில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். லேசாகப் பதிந்து, எடுத்ததும் பழைய நிலைக்கு வந்தால் ஈரப் பாறைக்கு ஆசைப்படலாம். நகம் பதியாமல் பிளாஸ்டிக் போலத் திருப்பி அடித்தால் வேண்டாம். இரண்டு ஷூவை அருகருகே வைத்து அழுத்தும்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இது துல்லியமான சோதனை இல்லை, மோசமானதைக் கழித்துக்கட்ட உதவும். இன்னொன்று, புது சோலின் மேல் அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தடவிய பொருளின் மிச்சம் இருக்கும், அது தேயும்வரை நல்ல ரப்பரும் கொஞ்சம் வழுக்கும். அதனால் முதலில் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் சில நாள் நடந்துவிட்டு, அப்புறம் ஈரமான சரிவில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாசி மட்டும் தனி விஷயம். பச்சையாகவோ கருப்பாகவோ வழவழவென்று பாசி படிந்த கல்லில் எந்த ரப்பரும் நிற்காது, ஏனென்றால் ரப்பர் கல்லைத் தொடுவதே இல்லை. ஜப்பானில் ஓடைக்குள்ளேயே மலையேறும் சவனோபோரி என்ற பழக்கம் உண்டு, அதற்கு அடியில் கம்பளி போன்ற ஃபெல்ட் வைத்த காலணி போடுவார்கள். அது பாசியை ஊடுருவிப் பிடிக்கும். ஆனால் அந்த ஃபெல்ட் நுண்ணிய பாசிகளை ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து போகும் என்பதால் நியூஸிலாந்தில் 2008-இல் மீன்பிடிப்பவர்களுக்கு அதைத் தடை செய்தார்கள். நமக்கு வழி ஒன்றுதான்: அந்தக் கல்லில் கால் வைக்காமல், தண்ணீருக்கு அடியில் இருக்கும் சரளையில் கால் வைத்துக் கடப்பது. ஷூ நனைந்தால் நனையட்டும்.

பற்கள் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது

டிராக்டர் டயர் போன்ற சோலைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். அந்த ஆழம் சேற்றுக்கானது, குத்தி நிற்பதற்கும் ஒட்டிய சேறு உதிர்வதற்கும். பாறையில் குத்த என்ன இருக்கிறது? அங்கே வேண்டியது தொடும் பரப்பு. பற்கள் அகலமாகவும், தட்டையாகவும், நெருக்கமாகவும், மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்தோடும் இருந்தால் போதும். உயரமான ஒல்லிப் பற்கள் பாறையில் எடை விழும்போது பக்கவாட்டில் வளையும், அந்த நெளிவை உள்ளங்காலில் உணரலாம். பெருவிரல் பகுதியில் பற்களே இல்லாமல் வழவழப்பான ஒரு பட்டை இருந்தால் இன்னும் நல்லது, சின்ன விளிம்பில் முன்காலால் நிற்க அது உதவும்.

காய்ந்த பாதையில் நிலைமை மாறும். இறுகிய தரையின் மேல் பொடிக்கல் சிதறிக் கிடக்கும், காலுக்கும் தரைக்கும் நடுவே அது கோலிக்குண்டு போல உருளும். அங்கே பற்களின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், பொடியைக் கிழித்துக் கீழே இருக்கும் கெட்டித் தரையைத் தொட வேண்டும். இறங்கும்போது குதிகால் பகுதிப் பற்கள் எதிர்த்திசையில் திரும்பியிருந்தால் பிரேக் போல வேலை செய்யும். விளிம்பு மழுங்கிவிட்டதென்றால், ஆழம் மிச்சம் இருந்தாலும் புழுதிப் பாதைக்கு அந்த ஷூ முடிந்தது.

ஈரத்துக்கு வாங்கியதையே புழுதியில் ஓட்டுவது

மிருதுவான ரப்பர் காய்ந்த சரளையில் அழிப்பான் போலத் தேயும். ஒரே கோடையில் என் நல்ல ஷூவின் விளிம்புகளைத் தேய்த்து முடித்துவிட்டு, அடுத்த மழைக்கு வெறும் காலோடு நின்றவன் நான். புழுதிப் பாதைக்குக் கொஞ்சம் கெட்டியான ரப்பர்தான் சரி, அங்கே அது குறையே இல்லை.

வாட்டர்ப்ரூஃப் சவ்வு வெயிலில் இன்னொரு தொல்லை. வியர்வை போதுமான வேகத்தில் வெளியேறாது, தோல் ஊறி வெளுக்கும், ஊறிய தோலில் கொப்புளம் சீக்கிரம் வரும். "ஷூ லீக் ஆகிறது" என்று சொல்பவர்களிடம் மழை பெய்ததா என்று கேட்டால், இல்லை என்பார்கள். அது அவர்களுடைய வியர்வைதான்.

அதற்காக ஓட்டை பெரிதாக இருக்கும் வலைத்துணியை எடுத்துவிடாதீர்கள். நுண்புழுதி அதன் வழியே உள்ளே போய், சாக்ஸுக்கும் தோலுக்கும் நடுவே உப்புத்தாள் வேலை செய்யும். நெருக்கமாக நெய்த வலைத்துணி வேண்டும், ஷூவின் நாக்கு இரண்டு பக்கமும் உடலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். நாக்கைத் தூக்கி இரண்டு பக்கமும் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும், விரல் நேரே உள்ளே போனால் மணலும் போகும்.

காட்டன் சாக்ஸ்

வேண்டாம். ஈரப் பாறைக்கும் வேண்டாம், புழுதிப் பாதைக்கும் வேண்டாம்.

அலமாரியில் கிடந்த பழைய ஷூ

பாலியூரிதேன் என்ற நுரையில் செய்த நடு சோல் வைத்த ஷூ, போடாமல் சும்மா வைத்திருந்தாலே காற்றின் ஈரத்தில் சில வருடங்களில் உதிர ஆரம்பிக்கும். வெளியே புதிது போலவே இருக்கும், மலையில் அடி தனியே கழன்று வரும். கிளம்பும் முன் விளிம்பை வளைத்துப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள்.

இரண்டு தரையும் ஒரே பாதையில் வந்தால்

அந்தத் தம்பி கரையேறி உட்கார்ந்ததும் கேட்டது இதைத்தான். எங்கள் பாதையில் முதல் நாள் பன்னிரண்டு கிலோமீட்டர் காய்ந்த முகடு, இரண்டாம் நாள் ஐந்து கிலோமீட்டர் ஓடைப் பள்ளத்தாக்கு. தூரத்தை மட்டும் பார்த்தால் புழுதி ஷூதான் வாங்கத் தோன்றும். நான் தூரத்தைப் பார்ப்பதில்லை, எங்கே விழுந்தால் எலும்பு உடையும் என்று பார்ப்பேன். முகட்டில் சறுக்கினால் உட்கார்ந்த இடத்தில் புழுதி ஒட்டும். ஓடையில் சறுக்கினால் முட்டி பாறையில் மோதும். அதனால் மிருதுவான ரப்பர், ஆழம் குறைந்த அகலப் பற்கள், நெருக்கமான வலைத்துணி, வாட்டர்ப்ரூஃப் இல்லாதது. முதல் நாள் தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓடைக்குள் இறங்குவதற்கு முன் சோலைத் துணியால் துடைத்துவிட வேண்டும், புழுதி பூசிய ரப்பர் கல்லைத் தொடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஷூவைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தான். ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் கொட்டியது. "இதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா அண்ணா?" என்றான். நனைந்ததை யார் எடுப்பார்கள்? குளிர்காலத்துக்கு வைத்துக்கொள் என்றேன்.