வலது பக்கம் மட்டும் அடங்கிப்போன எலும்புவழி ஹெட்போன்

ஓடும்போது போடுகிற எலும்புவழி ஹெட்போனில் வலது பக்கம் ஒலி குறைந்து, பேஸ் வரும் இடங்களில் 'கிர்ர்' என்று அதிர ஆரம்பித்தது. பழுது கருவியிலா, பொருத்தத்திலா என்று பார்க்க, அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். இப்போது கன்னத்தில் படிந்து அதிரும் பட்டைகளில் இடது பட்டை வலது கன்னத்தில். அப்படியும் வலது பக்கமே மங்கியது. ஆக, கருவி நன்றாகத்தான் இருக்கிறது.

பட்டையை விரலால் லேசாக அழுத்தியதும் ஒலி நிறைந்து வந்தது, அதிர்வும் நின்றது. கண்ணாடியின் வலது காம்பு ஹெட்போனின் கொக்கியைத் தூக்கிப் பிடித்திருந்தது. பட்டை தோலோடு ஒட்டாமல் தட்டிக்கொண்டே இருந்தால் இந்தச் சத்தம்தான் வரும். கொக்கியை முதலில் மாட்டி, காம்பை அதன்மேல் வைத்தேன். பட்டை காதுத் துளைக்கு முன்னால், கன்ன எலும்பு முடியும் இடத்தில் படிய வேண்டும். அங்கே முடி சிக்கினாலும் ஒலி குறையும். பேஸைக் குறைத்தால் மிச்ச அதிர்வும் போய்விடும். இந்த வகையில் பெரிய பேஸை எதிர்பார்ப்பதே வீண்.

வியர்வைப் பழுது வேறு மாதிரி. கையில் வைத்திருக்கும்போது, குறைந்த ஒலியிலும் ஒரு பட்டை மட்டும் கரகரத்தால் உள்ளே உப்பு இறங்கியிருக்கலாம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, வாரண்டிதான் வழி. அதனால் ஓடி முடித்ததும் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கிறேன். சார்ஜ் முனைகள் முழுக்கக் காய்ந்த பிறகே கேபிளைத் தொடுகிறேன். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் முனை அரித்துவிடும்.