நேரலையில் சேலை விற்பவர் பேச வேண்டிய வரிசை

நேரலையில் ஒரு சேலைக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினால், முதலில் அதன் எண்ணைச் சொல்லிவிட்டு, முந்தானை, உடல், கரை, ரவிக்கைத் துணி என்ற வரிசையில் காட்டுவது நல்லது. நிறத்தை வாயால் சொல்வதும் அவசியம். விளக்கொளியில் மெரூன் சிவப்பாகத் தெரிந்து, பிறகு சேலை திரும்பி வருவதுண்டு.

"எண் 14, செட்டிநாடு பருத்திச் சேலை, அரக்கு நிறம், ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனியாக 80 சென்டிமீட்டர், விலை 950 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் கூரியர் 60 ரூபாய், மொத்தம் 1,010."

பார்வையாளர்கள் இடையிடையே வந்து சேர்வதால், எண்ணையும் விலையையும் தொடக்கத்திலும் கரையைக் காட்டும்போதும் மடிக்கும் முன்பும் ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை 950 என்றும் மறுமுறை 1,010 என்றும் சொன்னால் கருத்துப் பகுதியில் வாக்குவாதமே மிஞ்சும்.

"வேண்டுபவர்கள் எண் 14 திரையில் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இருப்பு உறுதியானதும் பணம் செலுத்தி, ரசீதுப் படத்துடன் முகவரியையும் பின்கோடையும் அனுப்புங்கள். அரை மணி நேரத்தில் பணம் வராவிட்டால் சேலை அடுத்தவருக்குப் போகும்."

இருப்பை உறுதி செய்யும் முன்பே பணம் வாங்கினால், ஒரே சேலைக்கு இருவர் செலுத்திவிடுவார்கள்.