ஒரே போன், ஒரு ஞாயிற்றுக்கிழமை: பாத்திரக்கடைக்கு ஒரு மாதத்துக்கான கேப்ஷன்

கும்பகோணத்தில் அக்கா நடத்தும் பித்தளைப் பாத்திரக்கடைக்கு நான்தான் படமும் கேப்ஷனும் போடுகிறேன். கடைக்கு ஒரே போன். அதில்தான் ஜிபே, அதில்தான் சரக்குக்காரர் அழைப்பு. அதனால் மாதம் ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம்தான் போன் என் கைக்கு வரும். அதற்குள் ஆடி மாதத்துக்கு எப்படித் திட்டம் போட்டேன் என்று சொல்கிறேன்.

முதலில் தினசரி காலண்டர்

போனை எடுக்காதீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைப் புரட்டி, உங்கள் கடைக்கு ஆள் வர வைக்கும் நாட்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்கு ஆடியில் மூன்றுதான் தேறின: ஆடி வெள்ளிகள், பதினெட்டாம் பெருக்கு, ஆவணி முதல் முகூர்த்தம். ஆடி அமாவாசையை விட்டுவிட்டேன்; அன்று பாத்திரம் வாங்க யாரும் வருவதில்லை.

பிறகு பின்னோக்கி எண்ணுங்கள்

முதல் வருஷம் நான் சறுக்கியது இங்கேதான். பதினெட்டாம் பெருக்கு அன்று காலை "இனிய ஆடிப்பெருக்கு வாழ்த்துகள்" என்று ஸ்டேட்டஸ் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள், ஒருவர்கூட வரவில்லை. வாங்குகிறவர் அதற்குள் வாங்கி முடித்து ஆற்றங்கரையில் நிற்கிறார்!

பெருக்கு பெரும்பாலும் ஆகஸ்ட் 3-ல் வரும். கலந்த சாதம் எடுத்துப்போகத் தூக்கு வாங்குகிறவர் அதற்கு முந்தைய வாரமே யோசிப்பார். ஆகவே தூக்குக்கான கேப்ஷன் ஜூலை 28. ஆவணிக் கல்யாணச் சீர்வரிசைக்கு இன்னும் முன்னால் போகவேண்டும். பாத்திரத்தில் பெயர் வெட்ட நாள் பிடிக்கும் என்பதால் அந்த வரி ஆடி பாதியிலேயே வந்துவிடும்.

இப்படி வாரத்துக்கு மூன்று, மாதத்துக்குப் பன்னிரண்டு. தினம் ஒன்று போட ஆசைப்பட்டால் பத்தாம் நாள் நின்றுபோகும்.

படம் ஒரே மூச்சில்

கடை திறந்ததும், வெயில் நேராக விழுமுன், வாசல் படியில் வைத்து எடுங்கள். பித்தளையில் நேர்வெயில் பட்டால் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். பன்னிரண்டையும் தனி ஆல்பத்தில் போட்டு வையுங்கள்.

எழுதும் முறை

கூகுள் கீப்பில் ஒரே குறிப்பு. தேதி, பொருள், படம், வாசகம். எங்கள் ஜூலை 28 வரி இது:

"பதினெட்டாம் பெருக்குக்கு நாலு அடுக்குத் தூக்கு. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் சாதம் நாலும் கலக்காமல் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும். விலை ____. கையிருப்பு ____."

பண்டிகையும் பொருளும் முதல் வரியிலேயே இருக்கவேண்டும். இன்ஸ்டாகிராமில் நீளமான கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மீதியைத் தொட்டால்தான் விரியும். விலையையும் கையிருப்பையும் வெற்றிடமாக விடுவது சோம்பலால் அல்ல. பித்தளை கிலோ விலை மாதத்துக்குள் மாறும். பழைய விலையைப் போட்டுவிட்டு, வந்தவரிடம் கடையில் நின்று வாதாடிய அனுபவம் அக்காவுக்கு உண்டு.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொன்று. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், ஆனால் எல்லா வருஷமும் அப்படி நடப்பதில்லை. தண்ணீர் வராத வருஷத்தில் வீட்டுக் குழாயடியிலேயே படைத்துவிடுவார்கள். அப்போது "ஆற்றங்கரைக்கு" என்று போட்டால் எரிச்சல்தான் வரும். அதனால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் இரண்டு கேப்ஷன் எழுதி வைப்பேன். தண்ணீர் வராவிட்டால் தூக்குக்குப் பதில் படையலுக்கான தாம்பாளம்.

போடுவது

இன்ஸ்டாகிராமில் தொழில் கணக்காக மாற்றிக்கொண்டால் ஷெட்யூல் செய்யலாம். ஆனால் விலை சேர்க்கவேண்டிய பதிவை அப்படி விடாதீர்கள். பாத்திரம் துலக்குவது எப்படி என்பது போன்றவற்றை மட்டும் விடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குக் காலை 8 மணி அலாரம் வைத்திருக்கிறேன். அலாரம் அடித்ததும் அக்கா கீப்பிலிருந்து நகலெடுத்து, விலையை நிரப்பிப் போடுவார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதோடு, வாடிக்கையாளர் நம் எண்ணைத் தன் போனில் சேமித்திருந்தால்தான் அவருக்குத் தெரியும். பில் போடும்போதே "நம்பரைப் போட்டுக்குங்கம்மா" என்று சொல்லிவிடுவது நல்லது.

எது வேலை செய்தது

லைக்கை எண்ணாதீர்கள். "இது இருக்கா?" என்று யாராவது கேட்டால், கீப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. போன ஆடியில் தூக்குக்கு ஒன்பது கோடு, நான் ரசித்து ரசித்து எழுதிய குத்துவிளக்குக் கேப்ஷனுக்கு ஒன்று. ஆவணிக்கு உட்காரும்போது அந்தக் குறிப்பைத்தான் முதலில் திறந்தேன். விளக்கு வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பெயர் வெட்டும் வரியை இரண்டாவது முறை போட்டேன்.